உன் ஹால் பிளான் பார்த்தேன் கண்ணு

கண்ணு, நீ அனுப்பின படத்தை பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வச்சு ஒவ்வொண்ணா அளந்து பார்த்துட்டுதான் இதை எழுதுறேன். சோபா இன்னும் ஆர்டர் பண்ணலன்னு சொன்னேல்ல, நல்லதா போச்சு, ஏன்னா நான் மாத்தச் சொல்றதே அதைத்தான்.

ஹால் 10 அடி அகலம் 13 அடி நீளம். வாசக்கதவு கீழ்ப்பக்க சுவர்ல வலது ஓரம், பால்கனி கதவு நேர் எதிர் சுவர்ல அதே வலது ஓரம், சரியா? அப்போ வீட்ல யார் நடந்தாலும் வலது சுவரை ஒட்டித்தான் நடப்பாங்க, அந்த வழியை நாம முடிவு பண்ணல, கதவுங்களே முடிவு பண்ணிடுச்சு. நீ அந்த சுவர்லயே டிவி யூனிட்டை வச்சு எதிர்ல இடது சுவர்ல எல் சோபா போட்டிருக்க. கூட்டிப் பாரு, சோபா ஆழம் 36 இஞ்ச், சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவுல 16, டீப்பாய் 24, டிவி யூனிட் 18, மொத்தம் 94. சுவருக்கு சுவர் 120 தான், மிச்சம் 26 இஞ்ச். முக்கியமான நடைபாதைக்கு கொறஞ்சது 30 வேணும், 36 இருந்தா நிம்மதி. 26ல ஒரு ஆள் போயிடலாம், ஆனா கையில துணிக்கூடையோட போனா டீப்பாய் முனை முட்டியில இடிக்கும், யாராவது டிராயரை இழுத்து வச்சா வழியே அடைஞ்சிடும். அதோட பால்கனிக்குப் போற ஒவ்வொருத்தரும் டிவிக்கு குறுக்கே போகணும்.

அதனால பிளானை அப்படியே திருப்பிடு. வலது சுவரை காலியா விட்டுடு, படமோ கண்ணாடியோ மாட்டிக்கோ, தரையில எதுவும் வேண்டாம். டிவி பால்கனி கதவு இருக்கிற அந்த எதிர் சுவர்லயே, கதவுக்கு இடது பக்கம் மிச்சம் 7 அடி இருக்குல்ல அங்க வரட்டும். உள்ள நுழைஞ்சதும் கண்ணு முதல்ல போற சுவர் அதுதான், அதனால பார்வைக்கு மெயின் சுவரா அதையே வச்சுக்கலாம். சோபா அதுக்கு நேர் எதிரே, வாசக்கதவுக்குப் பக்கத்து சுவர்ல முதுகு வச்சு. அந்த இடமும் 7 அடிதான், எல் சோபா உக்காராது, 78 இஞ்ச் மூணு சீட்டர் போதும், அப்போ சோபா ஓரத்துலேர்ந்து வலது சுவர் வரைக்கும் 42 இஞ்ச் வழி கிடைக்குது. கைப்பிடியையும் சேர்த்து 78 இருக்கணும் கண்ணு, சீட் அளவை மட்டும் போட்டு ஏமாத்துவாங்க, நல்லா கேட்டுக்கோ.

இதுல ஒரு குறையும் இருக்கு, மறைக்கல. பகல்ல பால்கனி வெளிச்சம் டிவிக்குப் பக்கத்துலேர்ந்தே நேரா கண்ணுல அடிக்கும், நீ போட்ட பிளான்ல அது பக்கவாட்டுல வந்துச்சு. கொஞ்சம் கனமான திரை ஒண்ணு போட்டுட்டா சமாளிச்சிடலாம், ஆனா தினமும் இடிச்சுக்கிட்டு நடக்கறதை சரி பண்ண வழியே கிடையாது, அதான் இதையே சொல்றேன்.

அப்புறம் அந்த ஆறடி புக் ஷெல்ஃப். உன் படத்துல எல் சோபாவோட நீட்டின பக்கமும் ஷெல்ஃபும் ஒரே மூலையில அடுக்கிக்கிட்டு நிக்குது, எதிர்ப்பக்கம் இடுப்புக்குக் கீழ இருக்கிற டிவி யூனிட் மட்டும். ரூம் ஒரு பக்கமா சாய்ஞ்ச தராசு மாதிரி ஆகிடும். உயரமும் அடர் கலரும் தரை வரைக்கும் இறங்கின அடியும் இருந்தா சாமான் உண்மையான சைஸை விட பெருசா தெரியும். புது பிளான்ல சோபா ஒரு கோடியில இருக்கறதால ஷெல்ஃபை இடது சுவர்ல டிவி பக்கமா கொண்டு போ, ரெண்டும் எதிரெதிரா நின்னு கனம் பிரிஞ்சிடும். ஆனா மூலையோட ஒட்டிடாத, டிவி யூனிட் முன்னாடி நீட்டிக்கிட்டு கீழ் தட்டுங்களை மறைச்சிடும், புக் எடுக்க முடியாது, மூலையிலேர்ந்து 20 இஞ்ச் தள்ளி வை. கூடுதலா ஒருத்தர் உக்கார, கைப்பிடி இல்லாத, கால் தெரியற மாதிரி ஒரு சேர் டீப்பாயைத் தாண்டி இடது சுவரோரமா போட்டுக்கோ, தேவைன்னா தூக்கி நகர்த்திக்கலாம்.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடி மாஸ்கிங் டேப்பால சோபா, டீப்பாய், யூனிட் எல்லாத்தையும் தரையில அதே அளவுல ஒட்டி ரெண்டு நாள் அதைச் சுத்தி நடந்து பாரு, கோட்டை மிதிக்கிற இடம் எங்கன்னு காலே சொல்லிடும். வாசக்கதவு கீல் வலது சுவர் பக்கம் இருக்கா சோபா பக்கம் இருக்கான்னு படத்துல தெரியல. சோபா பக்கம்னா கதவை முழுசா திறக்கும்போது அதும்மேல இடிக்கும், அப்போ கணக்கை மறுபடி போடணும். அதையும், தரைமட்டத்துல ரெண்டு பக்க ஸ்கர்ட்டிங் டைல்ஸுக்கு நடுவுல எடுத்த அகலத்தையும் எனக்கு அனுப்பு.

அப்பா