கழன்று கிடந்த செருப்பு

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். மல்லிகை விலை ஏறிக்கிடக்கிறது. போனில் கேட்டால் "நல்லா இருக்கோம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

திருவிழாவுக்கு வந்தபோது ஒன்று பார்த்தேன். தல்லாகுளத்தில் மத்தியான வெயிலில் நடந்தோமே, அப்போது மாப்பிள்ளையின் இடது செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவர் பத்தடி வெறுங்காலோடு போய்விட்டார். தார் ரோடு கொதிக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. நான் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் குனிந்து பார்த்தார். அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சர்க்கரை பல வருஷம் கட்டுக்குள் இல்லாவிட்டால் பாதம் மரத்துப்போகும். ஆணி குத்தினாலும் வலிக்காது. வலிக்காததாலேயே ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளைக்கு அதுதானா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஆபீஸ் பரிசோதனையில் சர்க்கரை என்று வந்த காகிதத்தை இரண்டு வருஷமாக பீரோவில் வைத்திருக்கிறவர் அவர்.

நீ பொறுமைசாலி, அது எனக்குப் பெருமைதான். ஆனாலும் அந்தக் காகிதத்தை இவ்வளவு நாள் என்னிடம் மறைத்திருக்க வேண்டாம்.

சாப்பிடும்போது மட்டும் பேச்செடுக்காதே. சோற்றைப் பார்த்து "இதெல்லாம் சாப்பிடலாமா" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அடுத்த நாளிலிருந்து வெளியே சாப்பிட்டுவிட்டு வருவார். ராத்திரி காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற சாக்கில் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பார். கொப்புளம், வெடிப்பு, சிவப்பு, கறுப்பு ஏதாவது தெரிகிறதா என்று பார். அப்புறம் விரல் இடுக்கில் எண்ணெய் விடாதே, ஈரம் தங்கினால் புண்ணாகும். ஆணிக்கால் இருந்தால் பிளேடு வைக்க விடாதே. புண் கண்ணில் பட்டால் மட்டும் அவர் கோபத்தைப் பார்க்காதே, அன்றைக்கே கூட்டிக்கொண்டு போ.

அப்பாவின் கால்விரலை எடுத்த கதையை, "சொன்ன பேச்சைக் கேட்காததால் வந்தது" என்றுதான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அது முழுசும் உண்மையில்லை. கொப்புளம் வந்தது அப்பாவுக்குத் தெரியும். பன்னிரண்டு நாள் பழைய வேட்டித் துணியைச் சுற்றி மறைத்திருந்தார். நாற்றம் வந்துதான் கண்டுபிடித்தேன். ஆஸ்பத்திரியில் உன் சித்தப்பாவிடம், "சொன்னா அவ கத்துவா, அதான் சொல்லல" என்றாராம். தினமும் மூன்று வேளையும் நான் கத்தின கத்தல்தான் அந்தப் பன்னிரண்டு நாளும், பாப்பா. அவர் டாக்டருக்குப் பயப்படவில்லை. எனக்குப் பயந்தார். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த மாதம் 14ஆம் தேதி அப்பாவுக்குக் கால் பரிசோதனை. மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் தொட்டுத் தொட்டு, "தெரியுதா" என்று கேட்பார்கள், வலியே இருக்காது. துணைக்கு வரச்சொல்லி அப்பாவே மாப்பிள்ளைக்குப் போன் பண்ணுவார். "எனக்கு விரல் போச்சு, உங்க காலையும் ஒருதரம் காட்டிருங்க மாப்ளே" என்று அங்கேயே சொல்வதாக இருக்கிறார். அவர் சொன்னால் கேட்பார். நீ ஒன்றும் சொல்லாதே, டிக்கெட் மட்டும் போடு. சாப்பிடும்போது பேச்செடுக்காதே.

அம்மா