கண்டல் மரம் எங்கே இருக்கிறது, ஐயா?

எங்கள் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களுக்கும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுதிக் கொடுத்த தொழில்நுட்பக் குழுவினருக்கும்,

வணக்கம். அரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் எழுதுகிறேன். ஊரில் உள்ள மரம், செடி, உயிரினங்களைப் பற்றி நீங்கள் எழுதிய அந்தப் பதிவேடு, மூன்று பிரதி எடுக்கப் போன மாதம் என் கடைக்கு வந்தது. 47 பக்கம். வேடியப்பன் கோயில்காட்டில் சாமிக்குக் கான்கிரீட் கோயில்கூடம் கட்டும் கோப்போடு சேர்க்க வேண்டும், அவசரம் என்றார்கள். மிஷின் சூடாகிற நேரத்தில் புரட்டினேன். இரண்டாம் பக்கத்தில் குழு உறுப்பினர் பட்டியல். ஐந்தாவது பெயர் என்னுடையது. பக்கத்தில் ஒரு கையெழுத்தும் இருந்தது. அழகான கையெழுத்துதான், ஆனால் என்னுடையது இல்லை.

குழுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 18 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று 2004ஆம் ஆண்டுப் பல்லுயிர் விதிகள் சொல்லின. நான் பெண், காலனியில் இருப்பவள். ஒரே பெயரில் இரண்டு கணக்கும் நேராகிவிட்டது. இதற்காக நான் சண்டை போட வரவில்லை. உறுப்பினர் என்று நீங்களே எழுதிவிட்ட பிறகு, உறுப்பினராகவே ஒன்று கேட்கிறேன்: இந்தப் பதிவேட்டைத் திருத்தி எழுதுங்கள். கோயில்காட்டுக்குள் நடந்து, அதை அறிந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ஏன் அவசரப்பட்டீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு உள்ளாட்சியும் குழு அமைத்து, ஊர் மக்களைக் கலந்து பதிவேடு தயாரிக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டமும் அதன் விதிகளும் சொல்லியும் நாட்டின் பெரும்பகுதியில் அது கிடப்பில் கிடந்தது. 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 வரை கெடு வைத்தது. தவறும் மாநிலம் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அதற்குப் பிறகுதான் உங்கள் ஜீப் எங்கள் ஊருக்கு வந்தது. ஊராட்சி அலுவலகத்தில் டீ, வடை. நான்கைந்து பெரிய மனிதர்கள். மதியத்துக்குள் கிளம்பிவிட்டீர்கள்.

அந்த அரை நாளில் எழுதியதில் ‘மரங்கள்’ என்ற தலைப்பின் கீழ் கண்டலும் சுரபுன்னையும் இருக்கின்றன. இரண்டும் கடலோர உப்பங்கழியில் வளர்பவை. கடலைப் பார்க்க நாங்கள் 150 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். எந்தக் கடலோர ஊரின் பதிவேட்டை எடுத்து ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினீர்களோ, அந்த ஊர்க்காரர்களுக்கு என் வணக்கம். பிரதி எடுப்பது என் தொழில். அசல் எது, பிரதி எது என்று பார்த்ததும் தெரியும். ‘வட்டாரப் பெயர்’ என்ற கட்டத்தில் பாடப்புத்தகப் பெயரே திரும்ப வருகிறது. ‘தகவல் தந்தவர்’ கட்டம் எல்லாப் பக்கத்திலும் காலி. ஒரு மரத்துக்கும் அது நிற்கும் இடம் இல்லை, சர்வே எண் இல்லை.

எங்கள் வேடியப்பன் காடு அதில் ஒரு வரிகூட இல்லை.

அது இரண்டரை ஏக்கர் இருக்கும். நடுவில் ஒரு நடுகல், வில்லோடு நிற்கும் வீரன். அதுதான் சாமி. சுற்றிலும் இலுப்பை, நாவல், அழிஞ்சில், உசிலை, வெப்பாலை, மரத்துக்கு மரம் தாவும் கொடிகள். உள்ளே கத்தி வைக்கக் கூடாது, செருப்புப் போகக் கூடாது. விழுந்த விறகைக்கூட வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் அடுப்புக்குத்தான் எடுக்கலாம். வெள்ளைக்காரன் காலத்து வன அதிகாரி பிராண்டிஸ், அன்றைய சேலம் மாவட்டத்து மலைகளில் இப்படிப்பட்ட சாமிக்காடுகள் இருப்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். நம் தருமபுரி அப்போது சேலத்தில் சேர்ந்திருந்தது. அவருக்குக் கண்ணில் பட்டது, ஜீப்பில் வந்த உங்களுக்குப் படவில்லை. வருவாய்க் கணக்கில் அந்த இடம் ‘தரிசு’. பதிவேட்டிலும் இல்லை என்றால் அது தரிசேதான்.

காட்டில் மூத்தது ஓர் இலுப்பை. நான்கு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். பக்கத்துப் புளியமரத்தில் பழந்தின்னி வவ்வால்கள் அடைந்திருக்கும். ஆனி, ஆடியில் இலுப்பை பழுக்கும்போது வவ்வால் பழத்தைக் கவ்விக்கொண்டு புளியமரத்துக்குப் போய், தலைகீழாகத் தொங்கியபடி சதையைத் தின்றுவிட்டு விதையைக் கீழே போடும். விடிவதற்கு முன் என் அம்மா கூடையோடு அங்கே நிற்பார். இலுப்பை மரத்தடியில் தேட மாட்டார், புளியமரத்தடியில்தான் பொறுக்குவார். “வவ்வால் தின்னுபோட்ட வெதையில சதை இருக்காது. கழுவுற வேலை மிச்சம், புழுவும் வெக்காது” என்பார். அதைக் காயவைத்து, ஓடு நீக்கி, செக்கில் கொடுத்து ஆட்டி வருகிற எண்ணெயில்தான் வேடியப்பனுக்கு விளக்கு எரியும்.

எண்ணெய்க்குப் போகாமல் கிடக்கிற விதைதான் அடுத்த மரம். இலுப்பை விதை நெல்லைப் போலச் சேமித்து வைக்கிற விதை இல்லை. உலர்ந்தால் உயிர் போய்விடும். சில வாரங்களுக்குள் ஈரமண்ணில் விழுந்தாக வேண்டும். நாவலுக்கும் இதே கதிதான். ஆகையால் தாய்மரம், வவ்வால், அடியில் நிழலும் சருகும் மூடிய ஈரத்தரை, இந்த மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால்தான் இலுப்பைக்கு வாரிசு. “ஒரு மரம் வெட்டினால் பத்துக் கன்று வைக்கிறோம்” என்கிறீர்களே, நீங்கள் கொண்டுவந்த பத்தும் மகாகனி. நர்சரிக்காரரைக் குறை சொல்ல முடியாது, இலுப்பை விதையை மூட்டையில் கட்டி அடுத்த வருஷத்துக்கு வைக்க அவராலும் ஆகாது.

போன மாசியில், மரம் பூக்கிற நேரத்தில், கூடத்துக்கு இடம் பார்ப்பதற்காக இலுப்பையின் இரண்டு பெரிய கிளைகளையும், வவ்வால் அடைந்த புளியில் பாதியையும் அறுத்தார்கள். சாமிக்குக் கான்கிரீட் கோயில் வேண்டும் என்று கேட்டது எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான். திருப்பூரிலும் பெங்களூரிலும் சம்பாதித்து அனுப்புகிறார்கள். அந்தப் பழியை உங்கள் மேல் போட மாட்டேன். கத்தி வைக்கக் கூடாதே என்று ஒரு கிழவர் கேட்டதற்கு, “கத்தி எங்க வெச்சோம், மிஷின்தானே” என்று பதில் வந்தது. சாமி மரத்தடியில் இருக்கும்வரை காடு முழுக்கச் சாமியின் இடம். கூரை போட்டுக் கதவு வைத்துவிட்டால் கதவுக்கு உள்ளே இருப்பது மட்டும்தான் சாமி, வெளியே இருப்பதெல்லாம் வண்டி நிறுத்துமிடம். கோயில் பெரிதாகக் காடு சிறுத்துப்போன ஊர்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ. ஆனாலும் இடம் பார்க்க வந்தவரிடம் சிலர் தடுத்துப் பேசினார்கள். அவர் சொன்னது: “பல்லுயிர்ப் பதிவேட்டுலயே இங்க ஒண்ணும் இல்லியே.” இந்த வரி உங்களுடையது.

இந்த ஆனியில் வவ்வால் வரவில்லை. அம்மா பதினைந்து நாள் விடாமல் போய்ப் பார்த்தார். வழக்கமாக இரண்டு மரக்கால் விதை சேரும், இந்த முறை ஒரு படி தேறவில்லை. விளக்குக்குக் கடையில் பாக்கெட் எண்ணெய் வாங்கினோம்.

கோயில்காட்டுச் சட்டம் எல்லாம் தங்கமான சட்டம் என்று நான் சொல்லவில்லை. காட்டைச் சுற்றி ஒரு கல்வரிசை உண்டு. திருவிழா அன்று எங்கள் தெரு ஜனம் அதற்கு இப்பால்தான் நிற்கும். வருஷம் முழுக்க விதை பொறுக்க உள்ளே போகலாம், பொங்கல் வைக்கப் போகக் கூடாது. நீங்கள் ஊராட்சி அலுவலகத்தில் கேள்வி கேட்டது கல்வரிசைக்கு அப்பால் நிற்பவர்களிடம். அவர்களுக்கு முதல் மரியாதை யாருக்கு என்று தெரியும், எந்த மரம் எந்த மாதம் காய்க்கும் என்று தெரியாது. தெரிந்தவர்கள் அன்று நூறுநாள் வேலையில் இருந்தார்கள். சாமி கும்பிட ஒதுக்கியவர்களைக் கணக்கெடுக்கவும் ஒதுக்கினால், பதிவேட்டில் கண்டல் மரம்தான் முளைக்கும்.

கேட்பது பெரிய காரியம் இல்லை, ஐயா. மதுரை அரிட்டாபட்டியை அரசு 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. 2025இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரகோவில் காட்டை அறிவித்தது. காசம்பட்டிக் காடு வெறும் 4.97 ஹெக்டேர், ஆகவே சிறிய இடம் என்று தள்ளவும் வழியில்லை. அப்படி அறிவித்தால் விறகும் விதையும் எடுக்கிற பழக்கத்துக்குத் தடை வந்துவிடும் என்று ஊரில் சிலர் பயமுறுத்துகிறார்கள். ஊரார் தாங்களாக முடிவு செய்யாத கட்டுப்பாடு எதுவும் இதனால் வராது என்று தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனால் அதெல்லாம் பிற்பாடு. முதலில் பதிவேட்டில் காடு இருக்க வேண்டும். அதனால்தான் திரும்பவும் கேட்கிறேன்: திருத்தி எழுதுங்கள்.

ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம். போன தடவை நீங்கள் வந்தபோது மழை நின்று தரை காய்ந்துவிட்டது. ஐப்பசியில் ஒருமுறை வாருங்கள், மழைக்கு முளைத்த கிழங்கும் பூண்டும் அப்போதுதான் தரையில் தெரியும், கண்வலிக்கிழங்கு பூத்திருக்கும். மாசியில் ஒருமுறை வாருங்கள், இலுப்பைப் பூ கொட்டும். ஆனியில் ஒருமுறை, விடியற்காலை நான்கு மணிக்கு. அம்மா கூட வருவார், தெருவில் இன்னும் நாலைந்து பெண்கள் வருவார்கள். அவர்கள் சொல்கிற பெயரை அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள். தாவரவியல் பெயரை நீங்கள் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். மருந்துச் செடியை அம்மா காட்டுவார், எதோடு எதைக் கலப்பது என்பதைச் சொல்ல மாட்டார். அதை வற்புறுத்தாதீர்கள். தகவல் தந்தவர் என்ற கட்டத்தில் அவர்கள் பெயரை, அவர்கள் சம்மதித்தால், போடுங்கள். நூறுநாள் வேலையை விட்டு வருவார்கள், அந்தக் கூலியையும் கணக்கில் வையுங்கள். அதுவரை கூடத்துக் கோப்பை நிறுத்தி வைக்கும்படி குழுவின் தீர்மானம் ஒன்று போட வேண்டுமாய்த் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கூட்டத்துக்கு எனக்கும் தகவல் சொல்லுங்கள், இந்த முறை கையெழுத்தை நானே போடுகிறேன்.

இப்படிக்கு,
குழுவின் ஐந்தாவது உறுப்பினர்

பின்குறிப்பு: 47 பக்கம், மூன்று பிரதி, பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 282 ரூபாய் இன்னும் வரவில்லை. அவசரம் என்றதால் கடனுக்குக் கொடுத்தேன்.