இரண்டாம் வகுப்புக்கு ஐந்து ஐகான் போதும்

பள்ளியின் குரோம்புக்குகளை நிர்வகிக்கும் தொழில்நுட்பப் பிரிவினருக்கு,

வணக்கம். நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியர். என் பிள்ளைகள் மடிக்கணினியைத் திறந்ததும் கீழே ஷெல்ஃபில் பதினான்கு ஐகான்கள் வருகின்றன. எல்லாம் பெரிய வகுப்புகளுக்காகப் பொருத்தப்பட்டவை. லாஞ்சரில் பெயரைத் தட்டித் தேடலாமே என்பீர்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அது ஆகாது. அவர்கள் படத்தையும் அது இருக்கும் இடத்தையும் வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். அதனால் அவர்களுக்கு ஷெல்ஃப்தான் எல்லாம்.

போன மாதம் நான் கேட்டதும் ஐந்து ஐகான் மட்டும் வரும்படி மாற்றினீர்கள், நன்றி. ஆனால் வகுப்பில் எதுவும் மாறவில்லை. ஒரு பிள்ளையின் கணக்கில் chrome://policy பக்கத்தைத் திறந்து, கொள்கைகளைப் புதுப்பித்தும் பார்த்தேன். PinnedLauncherApps என்ற வரியில் பழைய பதினான்கும் அப்படியே இருந்தன. காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்: நிர்வாகக் கன்சோலில் நீங்கள் எங்கள் வகுப்பு மடிக்கணினிகளைப் புதிய பிரிவுக்கு நகர்த்தியிருக்கிறீர்கள், பிள்ளைகளின் கணக்குகள் பழைய பிரிவிலேயே நிற்கின்றன. ஷெல்ஃபில் என்ன பொருத்துவது என்பதும் உள்ளே வரும் வால்பேப்பரும் உள்நுழையும் கணக்கைப் பின்தொடர்பவை. எந்த மடிக்கணினி என்று பார்ப்பதில்லை. உள்நுழைவுத் திரையின் படம் மட்டும்தான் கருவியோடு போகும். அது மட்டும் மாறியிருந்ததைப் பார்த்ததும்தான் எனக்கு இது விளங்கியது. தயவுசெய்து இரண்டாம் வகுப்புக் கணக்குகளையும் அந்தப் பிரிவுக்கு நகர்த்துங்கள்.

அந்த ஐந்தில் இரண்டு, வெறும் இணைய முகவரியாகச் சேர்த்தவை. தளத்துக்குச் சரியான ஐகான் இல்லாததால் இரண்டும் ஒரே எழுத்து போட்ட சதுரமாக வருகின்றன. கணக்குப் பயிற்சி எது, கதை எது என்று பிள்ளைக்குத் தெரியாது. கட்டாயமாக நிறுவும் இணையச் செயலிக்குத் தனிப் பெயரும் தனி ஐகானும் கொடுக்க வழி இருக்கிறது. கதைக்கு ஒரு புத்தகப் படம், கணக்குக்கு ஓர் எண் படம் போதும். மற்ற செயலிகளை ஷெல்ஃபில் பொருத்தாமல் நிறுவினால் லாஞ்சரில் கிடைக்கும், அது போதும்.

அப்புறம் வால்பேப்பர். ஐகான்களுக்கு மேலே அம்புக்குறி வரைந்த படம் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அது வேண்டாம். ஷெல்ஃபின் ஐகான்கள் நடுவிலிருந்து அடுக்கப்படுகின்றன. பொருத்தாத செயலி ஒன்று திறந்தாலே எல்லாம் கொஞ்சம் இடம் நகரும், அம்பு தவறான ஐகானைக் காட்டும். வகுப்புக்கு ஒரு நிறம் என்று வெற்று நிறப் படம் வையுங்கள். கணக்கு மாறி உள்ளே போன பிள்ளையைத் தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிடும். WallpaperImage கொள்கைக்கு 16 எம்பிக்குள் ஒரு ஜேபெக் படம் வேண்டும். எங்களுக்கு மஞ்சள் நிறத்தில் தயாராக வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன்.

கணக்குகளை நகர்த்தியதும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒரு பிள்ளையை உள்நுழைய வைத்து அதே பக்கத்தில் ஐந்து இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
இரண்டாம் வகுப்பு ஆசிரியர்