புயல் கரையைக் கடந்த பிறகும் கேமராவை அணைக்காதீர்கள்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானதும் உங்கள் திரைகளில் அடிக்கடி இரண்டு விஷயங்களைப் பார்க்கிறேன். ஒன்று, செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் அமெரிக்கச் சமவெளியில் எடுத்த டொர்னேடோ காட்சி ஓடுகிறது. மேகத்திலிருந்து தொங்கும் கறுத்த தூண், பறக்கும் கூரைகள். இன்னொன்று, ‘புயல் கரையைக் கடந்தது’ என்ற வரி வந்ததும் நேரலை முடிந்து, நிருபர் கிளம்பிவிடுகிறார். இந்த இரண்டும் சேர்ந்து என்னைப் போன்ற உள்மாவட்டக்காரர்களைத் தவறாகப் பழக்குகின்றன.

புயல் கடலில் பிறப்பது. கடல் நீர் சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல், அதுவும் ஐம்பது மீட்டர் ஆழம் வரைக்குமாவது, சூடாக இருக்க வேண்டும். அந்த நீர் ஆவியாகி மேலே போய் மேகமாகும்போது, தான் வாங்கி வைத்திருந்த வெப்பத்தை அங்கே விடுகிறது. அதனால் காற்று இன்னும் வேகமாக எழும், கீழே அழுத்தம் குறையும், சுற்றிலுமிருந்து ஈரக்காற்று உள்ளே ஓடி வரும். பூமி சுழல்வதால் அது நேராக வராமல், நம் பக்கத்தில் இடஞ்சுழியாக வளைந்து சுற்றும். இது முற்ற நாள் கணக்கில் ஆகும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு விரிவதால் செயற்கைக்கோள் படத்தில் எல்லோரும் பார்க்கலாம்.

டொர்னேடோவின் பிறப்பே வேறு. அது பெரும்பாலும் நிலத்தின் மேல், ஒரே ஒரு பெரிய இடிமேகத்துக்குள் உருவாகிறது. கீழே சூடான ஈரக்காற்று, மேலே குளிர்ந்த வறண்ட காற்று, அதோடு உயரம் கூடக் கூடக் காற்றின் வேகமும் திசையும் மாற வேண்டும். அப்படி மாறும்போது நடுவில் இருக்கும் காற்று, மாவின் மேல் ஓடும் பூரிக்கட்டையைப் போலப் படுத்தவாக்கில் உருளும். மேகத்துக்குள் எழும் சூடான காற்று அந்த உருளையைத் தூக்கி நிமிர்த்துகிறது. பிறகு அது கீழ்ப்பக்கம் குறுகி நீளும்போது சுழற்சி வேகம் பிடிக்கிறது. பெரும்பாலான டொர்னேடோக்கள் சில நூறு மீட்டர் அகலம்கூட இருக்காது. சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, உயரத்துக்கு உயரம் காற்று மாறும் அந்த நிலைதான். டொர்னேடோவுக்கு அது தீனி. புயலுக்கு அதுவே எமன். புயலின் மேகக் கோபுரம் சாய்ந்து, நடுவில் சேர வேண்டிய வெப்பம் சிதறிப் போகும். ஒன்றை வளர்ப்பது மற்றொன்றைக் கெடுக்கிறது என்னும்போது, ஒன்றின் படத்தை மற்றொன்றுக்குப் போடுவது எப்படிச் சரியாகும்? கரை கடந்த புயல் தன் மழைப்பட்டைகளில் சின்னச் சின்ன டொர்னேடோக்களை உண்டாக்குவதும் உண்டு. 2004-ல் அமெரிக்காவைத் தாக்கிய இவான் புயலில் நூற்றுக்கும் மேல் பதிவாயின. ஆனால் அவை புயலின் கிளைகள்தான், புயல் அல்ல.

பிறப்பு வேறு என்பதால் எச்சரிக்கையும் வேறு. டொர்னேடோ எந்த ஊரில் இறங்கும் என்று நேற்றே சொல்ல யாராலும் முடியாது. இன்று இந்த வட்டாரத்தில் வாய்ப்பு இருக்கிறது என்று சில மணி நேரம் முன்னால் சொல்லலாம். ஊர் பெயர் சொல்ல வேண்டுமானால், ரேடாரில் மேகத்தின் உள்ளே சுழற்சி தெரிய வேண்டும். 2011 மே 22 அன்று மிசௌரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரில் மாலை 5:17-க்கு எச்சரிக்கை வந்தது. டொர்னேடோ தரை தொட்டது 5:34-க்கு. பதினேழு நிமிடம் என்பது அந்தத் துறையில் நல்ல அவகாசம். இருந்தும் 158 பேர் இறந்தார்கள். சைரன் ஒலித்ததும் பலர் ஒளியவில்லை, வானத்தைப் பார்த்தும் டிவியைப் போட்டும் உறுதிப்படுத்திக்கொள்ள நேரத்தைச் செலவழித்தார்கள் என்று பிறகு நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. சைரன் அடிக்கடி வீணாக ஒலிக்கும் ஊர் அது. டொர்னேடோவுக்குச் சொல்லும் அறிவுரை ஒன்றே: இருக்கும் கட்டடத்தின் அடித்தளத்துக்கோ கீழ்த்தளத்தின் உள் அறைக்கோ ஓடுங்கள், வெளியே கிளம்பாதீர்கள்.

இதையே நாகப்பட்டினத்துக் கடலோரக் குப்பத்தில் ஒருவர் செய்தால் என்ன ஆகும்? புயல் காற்று தள்ளிக்கொண்டு வரும் கடல் நீர் அந்தக் கீழ் அறைக்குள்தான் முதலில் ஏறும். அங்கே சொல்ல வேண்டியது, நேரம் இருக்கும்போதே வீட்டை விட்டு மேடான இடத்துக்குப் போங்கள் என்பது. அதற்கு அவகாசமும் உண்டு. வானிலை ஆய்வு மையம் நான்கு கட்டமாக அறிக்கை தருகிறது. 72 மணி நேரம் முன்னால் முதல் தகவல், 48 மணி நேரத்தில் உஷார், 24 மணி நேரத்தில் எச்சரிக்கை. இவற்றில் மீனவர்களுக்கான தடை, துறைமுகக் கூண்டு எண், அலை உயரம், கடல் எவ்வளவு உள்ளே வரும் என்பதெல்லாம் இருக்கும். நம் கரைக்கு மேற்கு நோக்கி வரும் புயலில், மையத்துக்கு வடக்கே உள்ள ஊர்களில் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வீசும். கடல் நீர் ஏறும் ஆபத்து அங்கேதான் அதிகம்.

நான்காவது கட்டம் ஒன்று இருக்கிறது. கரை கடப்பதற்குச் சுமார் 12 மணி நேரம் முன்னால் வரும் அந்த அறிக்கை, கடந்த பிறகு புயல் எந்தப் பக்கம் நகரும், உள்மாவட்டங்களில் என்ன நடக்கும் என்று சொல்வது. அதை நீங்கள் வாசித்துக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஃபெஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. காற்று மணிக்கு 70-80 கிலோமீட்டர், புயல் கணக்கில் பெரிதல்ல. ஆனால் மறுநாள் பெரும்பகுதி நேரம் அது கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது. நிலத்தின் உராய்வு காற்றைக் குறைத்ததே தவிர, வங்கக் கடலின் ஈரத்தை அந்தச் சுழற்சி இழுத்துக்கொண்டேதான் இருந்தது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். டிசம்பர் 2 காலை வரையிலான ஒரே நாளில், கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை. ஏரி நீர் பாய்ந்து, சாலையோரம் நின்ற வாகனங்கள் உருண்டு போயின. அதே அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட, தென்பெண்ணைக் கரை ஊர்களில் தண்ணீர் புகுந்தது. வலுவிழந்துகொண்டிருந்த ஒரு சுழற்சி செய்த வேலை இது.

எந்த ஏரி உடையும் என்று ஒரு நாள் முன்னால் வானிலை மையத்தால் சொல்ல முடியாது, அது நியாயம்தான். ஆனால் சுழற்சி நகராமல் நிற்கிறது என்பது ரேடாரிலும் படத்திலும் மணிக்கு மணி தெரிந்துகொண்டிருக்கும். அதைச் சொல்ல முடியும்.

அதனால் கேட்கிறேன். டொர்னேடோ காட்சியைப் புயல் செய்தியிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தத் தூணைத் தேடி வானத்தைப் பார்ப்பவர், தூண் தெரியவில்லை என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறார். அப்புறம், கரை கடந்த பிறகு 36 மணி நேரமாவது திரையின் ஓரத்தில் மூன்று தகவல்களை வைத்திருங்கள்: சுழற்சியின் மையம் இப்போது எந்த ஊர் அருகே இருக்கிறது, கடைசி மூன்று மணி நேரத்தில் எவ்வளவு தூரம் நகர்ந்தது, வழியில் உள்ள அணைகளிலிருந்து எவ்வளவு நீர் வெளியேறுகிறது. உங்கள் நிருபர் கடற்கரையிலிருந்து கிளம்பட்டும், ஆனால் ஊருக்குத் திரும்ப வேண்டாம். அந்த மையம் போகும் பக்கம் வரட்டும்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர் ஒருவர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்