யுரேனியம் குறைவு என்றால் ரேடியமும் குறைவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார நலவாழ்வுப் பக்கத்தில், “ஆழ்துளைக் கிணற்று நீரில் யுரேனியம் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் கதிரியக்கம் பற்றிக் கவலை வேண்டாம்” என்று எழுதியிருந்தீர்கள். பல வருடங்களாக உங்கள் இதழை வாங்குபவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரியைப் படித்ததும் வயிறு எரிந்தது.

அந்த 30 என்ற எண் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி மதிப்பு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சிறுநீரகத்துக்கு யுரேனியம் செய்யும் வேதியியல் கேட்டை வைத்து வகுத்தது அது. கதிர்வீச்சுக்கு அதே நிறுவனம் வேறு அளவுகோல் வைத்திருக்கிறது: குடிநீரால் ஆண்டுக்கு 0.1 மில்லிசீவர்ட். உடல் வாங்கும் கதிர்வீச்சின் பாதிப்பை அளக்கும் அலகு அது. இரண்டையும் ஒன்றாக்கியதில்தான், பாறையில் யுரேனியமும் தோரியமும் சிதைந்து உருவாகும் கதிரியக்கத் தனிமமான ரேடியம் காணாமல் போனது.

எங்கள் வீட்டுக் கிணற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். யுரேனியம் 12 மைக்ரோகிராம். உங்கள் கணக்கில் நல்ல தண்ணீர். அறிக்கையில் ரேடியத்துக்கான கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. கேட்டால், “யாரும் கேட்பதில்லை” என்றார்கள். தனியாகப் பணம் கட்டிப் பார்த்ததில், அதன் இரு வகைகளில் லிட்டருக்கு ரேடியம்-226 0.2 பெக்கரல், ரேடியம்-228 0.25 பெக்கரல். நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல்.

கணக்கு கடினமானதில்லை. பெரியவர் ஒருவர் நாளுக்கு 2 லிட்டர் குடித்தால் வருடத்துக்கு 730 லிட்டர். லிட்டருக்கு இத்தனை பெக்கரல் என்பதை 730 ஆல் பெருக்கி, அப்புறம் அந்தந்தத் தனிமத்துக்குரிய டோஸ் எண்ணால் பெருக்க வேண்டும். கதிரியல் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் பெரியவர்களுக்குத் தரும் எண், ரேடியம்-226க்கு ஒரு பெக்கரலுக்கு 0.28 மைக்ரோசீவர்ட், ரேடியம்-228க்கு 0.69. எங்கள் நீரில் முதலாவது வருடத்துக்கு 0.04 மில்லிசீவர்ட், இரண்டாவது 0.126. யுரேனியத்தில் 238, 234 என்ற இரு வகைகளையும் சேர்த்தாலும் சுமார் 0.01தான். மொத்தம் சுமார் 0.18. நீங்கள் கவலைப்படச் சொன்ன பொருளின் பங்கு பதினைந்தில் ஒன்றுகூட இல்லை.

யுரேனியம் குறைந்தால் ரேடியமும் குறையும் என்று யார் சொன்னது? ஆக்சிஜனும் பைகார்பனேட்டும் உள்ள நீரில் யுரேனியம் கரைந்து வரும். ஆக்சிஜன் இல்லாத, உப்பேறிய ஆழ நீரில் அது பாறையிலேயே தங்கிவிட, ரேடியம் வெளியே வரும். ரேடியம்-228 தோரியத்தின் வழி வந்தது, யுரேனியத்தோடு அதற்கு உறவே இல்லை. அது பீட்டா கதிரை உமிழ்வது என்பதால், ஆல்பா கதிரை மட்டும் எண்ணும் ‘மொத்த ஆல்பா’ சோதனையிலும் நேராகச் சிக்காது.

இது முதல் தடவையும் அல்ல. முன்பு ஒரு கட்டுரையில் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதும் என்று போட்டீர்கள். கொதித்தால் நீர்தான் ஆவியாகும், ரேடியம் பாத்திரத்திலேயே இருக்கும். மறுப்பு எழுதினேன், வெளிவரவில்லை. மாதிரி எடுக்கும் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் சேர்க்காவிட்டால் ரேடியம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைவாகக் காட்டும் என்று இன்னொரு கடிதம் எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன்.

பயம் காட்டுவதும் என் நோக்கமில்லை. 0.1ஐத் தாண்டினால் உடனே கிணற்றை மூட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்லவில்லை, மேற்கொண்டு ஆராயச் சொல்கிறது. இயற்கைக் கதிர்வீச்சிலிருந்தே உலகில் ஒரு மனிதர் பெறும் சராசரி வருடத்துக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட். ஆனால் வீட்டில் பதினான்கு வயதுப் பெண் இருக்கிறாள். எலும்பு வளரும் அந்த வயதுக்கு ரேடியம்-228இன் எண் 0.69 அல்ல, 5.3. அவள் நாளுக்கு ஒரு லிட்டர் குடித்தாலே அதிலிருந்து மட்டும் சுமார் அரை மில்லிசீவர்ட். அதனால்தான் எங்கள் வீட்டில் குடிநீருக்கு மட்டும் ஆர்.ஓ. வைத்தோம், வடிகட்டிய நீரையும் சோதித்தோம்.

நான் கேட்பது இவ்வளவுதான். அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே ஒரு சிறு அட்டவணை: ஒவ்வொரு தனிமத்துக்கும் பெரியவர் எண், பதின்வயதினர் எண். இடம் போதாது என்றால் யுரேனிய வரியை எடுத்துவிடுங்கள், ரேடியம்-228 வரி மட்டும் கட்டாயம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்