டீம் லீடுகளுக்கு, ரிவ்யூ கமென்ட் பற்றி ஒரு திறந்த மடல்

அன்புள்ள டீம் லீடுகளுக்கு,

வணக்கம். டீ குடிக்கும்போது "தம்பி, அந்த ஃபங்ஷனைக் கொஞ்சம் மாத்திடுப்பா" என்று சொல்கிற நீங்களே, புல் ரிக்வெஸ்டைத் திறந்ததும் "தப்பு. மாற்றவும்." என்று முடித்துவிடுகிறீர்கள். நேரில் சொன்னால் முகமும் குரலும் கூட வரும். திரையில் வெறும் எழுத்துதான். அதை டீம் மொத்தமும் படிக்கும், அடுத்த வருஷம் சேரப்போகிறவர் உட்பட.

ஓர் உதாரணத்தோடு பேசுவோம். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆனவர், ஆர்டர் பட்டியல் பக்கத்துக்கு இப்படி எழுதியிருக்கிறார் என்று வையுங்கள்:

```python
for o in orders:
    o.items = db.query(
        "SELECT * FROM items WHERE order_id = ?", o.id)
```

ஆர்டர்களை எடுக்க ஒரு கொயரி, பிறகு ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒன்று. 200 ஆர்டர் என்றால் 201 கொயரி. அவர் மெஷினில் டெஸ்ட்டுக்கு ஐந்தாறு ஆர்டர்தான் இருக்கும், பக்கம் சட்டென்று வந்துவிடும். அதனால் அவருக்கு இது தெரியவே தெரியாது.

இதற்கு "இதுகூடத் தெரியாதா?" என்று ஒரு கமென்ட் வரும். எது தப்பு, ஏன் தப்பு என்று அதில் ஒன்றுமே இல்லை. இன்னொரு வகை, "முடிந்தால் கொயரியைக் கொஞ்சம் பார்க்கவும்". என்னைக் கேட்டால் இதுதான் அதைவிட மோசம். முடிந்தால்தானே என்று அவர் மெர்ஜ் செய்துவிடுவார். லைவில் பக்கம் திணறும்போது "நான் அப்பவே சொன்னேனே" என்பீர்கள். நீங்கள் சொல்லவில்லை சார், சாடை காட்டினீர்கள்.

நான் எதிர்பார்க்கும் கமென்ட் இது:

"லூப்புக்குள் ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒரு கொயரி போகிறது. 200 ஆர்டர் உள்ள வாடிக்கையாளருக்கு 201 கொயரி ஆகும். டெஸ்ட் டேட்டா சின்னது என்பதால் இது தெரிந்திருக்காது. ஆர்டர் எண்களைச் சேர்த்து `WHERE order_id IN (...)` என்று ஒரே கொயரியில் எடுங்கள். இதை மாற்றிய பிறகுதான் மெர்ஜ் செய்ய முடியும். இப்படி வைத்ததற்குக் காரணம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்."

இதில் எங்கும் குழைவு இல்லை, மெர்ஜ் கிடையாது என்று நேராகவே சொல்லியாயிற்று. குறை முழுக்க கோட் மேல்தான். கடைசி வரியும் சும்மா மரியாதைக்கு எழுதியதல்ல. பட்டியல் எப்போதும் பத்து ஆர்டருக்கு மேல் போகாது என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம், உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

சின்னக் குறைகளுக்கு முன்னால் `Nit:` என்று போடச் சொல்கிறது கூகுள் வெளியிட்டிருக்கும் ரிவ்யூ வழிகாட்டி. அதைச் செய்யுங்கள். பெயர் பிடிக்கவில்லை, இடைவெளி சரியில்லை என்று முப்பது கமென்ட் போட்டால், கட்டாயம் மாற்ற வேண்டிய ஒன்று அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும். இடைவெளியை ஃபார்மேட்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

கடுமையாகச் சொன்னால்தான் தரம் நிற்கும் என்பவர்களுக்கு லினஸ் டோர்வால்ட்ஸ்தான் பிடித்த உதாரணம். அவரே 2018 செப்டம்பரில், மெயில்களில் ஆட்களைத் தாக்கி எழுதியதற்காக லினக்ஸ் டெவலப்பர்களிடம் மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். திரும்பி வந்த பிறகும் மோசமான கோட் எதையும் அவர் உள்ளே விடுவதில்லை.

சரி, அதே தப்பு மூன்றாவது முறையும் வந்தால்? "மறுபடியுமா?" என்று எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதாதீர்கள். இனி விஷயம் அந்த லூப் அல்ல, அவருடைய வேலைப் பழக்கம். அதற்குத் தனி மெயில்தான் சரி, மேனேஜருக்கு சிசி இல்லாமல்:

"இந்த மாதம் மூன்று பிஆர்களில் லூப்புக்குள் கொயரி வந்திருக்கிறது, லிங்க் கீழே. மூன்றும் திரும்பியதால் ரிலீஸ் இரண்டு நாள் தள்ளிப்போனது. அடுத்த பிஆரிலிருந்து, அனுப்பும் முன் கொயரி லாகைப் பார்த்து எத்தனை கொயரி போகிறது என்று டிஸ்கிரிப்ஷனில் எழுதுங்கள். எந்த இடத்தில் இது தவறிப்போகிறது என்று உங்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும், வியாழக்கிழமை பேசலாமா?"

"நீங்கள் எப்போதுமே இப்படித்தான்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ஒழுங்காகச் செய்த ஒரு பிஆரை அவர் தேடி எடுத்துக் காட்டுவார், பேச்சு அதோடு திசைமாறிவிடும். மூன்று லிங்க் கொடுத்தால் அந்த வழி அடைபடும். அதற்கும் நீளமாகப் பதில் வந்தால் மறுபடி எழுதாமல் போனை எடுங்கள். பேசி முடிவானதை மட்டும் இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள்.

இன்னொரு வேண்டுகோள். அப்ரைசலில் "கோட் தரம் போதவில்லை" என்று எழுதும் முன், அவருக்கு இப்படி ஒரு மெயிலாவது போயிருக்கிறதா என்று உங்கள் சென்ட் பாக்ஸில் தேடுங்கள். இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிட்டு, மெயிலை முதலில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ரிவ்யூவுக்காகக் காத்திருக்கும் ஒரு டெவலப்பர்