300 மீட்டர் கடலுக்கு டிரில்ஷிப் வேண்டாம்

ரிக் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் கப்பல் கிணற்றை விட்டு நகர்ந்த கதை உங்களுக்குத் தெரியும், அறிக்கை உங்கள் மேசையில்தான் இருக்கிறது. அன்று தளத்தில் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். அடுத்த கிணற்றுக்கும் அதே கப்பலைக் குறித்திருக்கிறீர்கள். தயவுசெய்து அதை மாற்றுங்கள்.

3,000 மீட்டர் ஆழத்தில் துளையிடும் கப்பலுக்கு 300 மீட்டர் எளிதுதானே என்று கூட்டத்தில் சொன்னீர்கள். இல்லை ஐயா. கப்பலை நங்கூரம் பிடித்திருக்கவில்லை, கணினி சொல்கிறபடி சுழலும் உந்திகள் பிடித்திருக்கின்றன. கப்பலையும் கிணற்றுத் தலையையும் இணைக்கும் ரைசர் குழாய் கடலடியில் மூன்று டிகிரிக்கு மேல் சாயக்கூடாது என்பது எங்கள் வரம்பு. 2,000 மீட்டர் ஆழத்தில் அந்தச் சாய்வு வர, கப்பல் சுமார் 105 மீட்டர் விலக வேண்டும். 300 மீட்டரில் 16 மீட்டரே போதும்.

அன்று இடங்காட்டிக் கருவி தவறான இடத்தைச் சொல்ல, இல்லாத விலகலைச் சரிசெய்ய உந்திகள் முழு வேகத்தில் தள்ளின. அப்படித் தள்ளினால் இந்தக் கப்பல் முதல் 16 மீட்டரை ஏறக்குறைய 25 வினாடியில் கடந்துவிடும். சிவப்புப் பொத்தானை அழுத்தி, துளைக் குழாயை வெட்டி, ரைசரைக் கழற்ற 45 வினாடி ஆகும். இந்தக் கணக்கு எங்கே ஒத்துப்போகிறது? பணியில் இருந்தவர் பத்தாவது வினாடியிலேயே உந்திகளை நிறுத்தியதால்தான் தப்பினோம். ரைசரில் இருந்த சேறு முழுவதும் கடலில் கொட்டியது. கிணற்றுத் தலை வளைந்ததா என்று பார்ப்பதற்கே பதினோரு நாள் போயிற்று.

கால் ஊன்றும் ஜாக்கப்பைக் கேட்கவில்லை, அதன் கால்கள் 120, 150 மீட்டர் வரைதான் எட்டும். நிலையான மேடையும் கேட்கவில்லை. 1988-ல் மெக்சிகோ வளைகுடாவில் புல்விங்கிள் மேடையை 412 மீட்டர் ஆழத்தில் ஊன்றினார்கள் என்பது உண்மை. ஆனால் ஆழம் கூடக்கூட மேடை மெதுவாக ஆடும், அதன் ஆட்டம் அலையின் கால அளவை நெருங்கும், அதைத் தடுக்க இரும்பு ஏறிக்கொண்டே போகும். ஒரு சோதனைக் கிணற்றுக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை.

நாங்கள் கேட்பது நங்கூரமிட்டு மிதக்கும் மேடையான செமி-சப்மெர்சிபிள். எட்டுச் சங்கிலிகள் இழுத்துப் பிடித்திருக்கும்போது தவறான சிக்னல் அதை எங்கும் ஓட்டிச் செல்லாது. ஒரு சங்கிலி அறுந்தாலும் மற்றவை தாங்கும். 2,000 மீட்டரில் சங்கிலியின் எடையே பெரும் பாரம், அங்கே கப்பல்தான் சரி. அதை நான் மறுக்கவில்லை.

கப்பல் ஏற்கெனவே வாடகையில் இருக்கிறது, சும்மா நிற்கவிடக்கூடாது என்பதுதான் காரணம் என்றால் அதை எழுத்தில் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ரிக்கை முதலில் முடிவு செய்துவிட்டு, கிணற்றின் ஆழத்தை அப்புறம் பார்க்கிறோம். பொத்தானுக்கு அருகில் உட்காருகிறவரிடம் யாரும் கேட்பதில்லை.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை ஒன்றுதான்: அடுத்த கிணறும் 300 மீட்டரில்தான் இருக்கிறது, அதற்கு நங்கூரமிட்ட ரிக்கைத் தேர்ந்தெடுங்கள். முடியாதென்றால், அந்த 45 வினாடியை 25-க்குள் எப்படிக் கொண்டுவருவது என்று துளையிடல் தொடங்கும் முன் எங்களுக்குக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
துளையிடல் தளத்தில் பணியாற்றும் ஒருவன்